பாஸ்போர்ட் பார்த்தாச்சு

கவுன்டரில் இருந்த பெண் என் அக்காவின் பாஸ்போர்ட்டையும் தன் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாவது முறை பார்த்தபோதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக டிராவல் ஏஜென்சியில் உட்கார்ந்து டிக்கெட் போடுகிறவள் நான். ஒரே ஒரு எழுத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று நினைத்தேன்.

"பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு, அவ்வளவுதான். புக்கிங்ல குறிப்பு எழுதியிருக்கேன், பாருங்க" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

அவள் நிமிர்ந்தாள். சின்னப் பெண். ஆனால் குரலில் நிதானம் இருந்தது. "அந்த எழுத்து ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க. அதுக்கெல்லாம் நாங்க நிறுத்த மாட்டோம். சர்நேம்தான் மொத்தமா வேறயா இருக்கு."

பாஸ்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். சர்நேம் என்கிற கட்டத்தில் எங்கள் அப்பாவின் பெயர் இருக்க வேண்டும். நாங்கள் பிறந்ததிலிருந்து அங்கே அதுதான் இருந்தது. என் பாஸ்போர்ட்டில் இன்றும் அதுதான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த இடத்தில் அத்தானின் பெயர் இருந்தது. என் அக்காவின் முகம், என் அக்காவின் பிறந்த தேதி, பக்கத்தில் அவள் புருஷன் பெயர்.

தலையில் இடி விழுந்த மாதிரி என்று மற்றவர்கள் சொல்லும்போது மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைப்பேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். சின்ன வயதில் தப்பு செய்துவிட்டு அம்மா முன்னால் அப்படித்தான் நிற்பாள். இப்போது நாற்பத்தியோரு வயதில், ஆறு வயது சின்னவளான என் முன்னால் நின்றாள்.

மணி பதினொன்று ஐம்பது. விமானம் இரண்டு இருபதுக்கு. கவுன்டர் ஒன்று இருபதுக்கு மூடிவிடும். அதற்குள் அவள் கையில் போர்டிங் பாஸ் இல்லையென்றால் விமானம் போய்விடும். விமானம் போனால் விசாவும் போகும். அந்த நாட்டுக்குள் நுழைய அவளுக்குக் கொடுத்திருந்த கடைசித் தேதி மறுநாள்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் அத்தானுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவர்கள் மகளின் காகிதங்கள் இரண்டு வருடத்தில் சரியாகின. அக்காவுடையது மட்டும் எங்கோ ஒரு மேஜையில் தூங்கியது. பிள்ளையின் படிப்பு கெடக் கூடாது என்று அவளை அவள் அப்பாவோடு அனுப்பிவிட்டு அக்கா இங்கே தனியாக இருந்தாள். ஒன்பது வயதில் போன பெண்ணுக்கு இப்போது பதினொன்று முடிந்துவிட்டது. திரையில் பார்த்தே பிள்ளையை வளர்த்தாள். பல்லைக் காட்டு, சாப்பிட்ட தட்டைக் காட்டு என்று தினமும் கேட்பாள்.

விசா ஒருவழியாக வந்தபோது அதில் மீதி இருந்தது பத்தொன்பது நாள்தான். மருத்துவப் பரிசோதனைத் தேதியிலிருந்து கணக்கிட்டுக் கொடுப்பார்கள், அவர்கள் தாமதித்த நாளெல்லாம் நம் கணக்கில் கழியும். பள்ளி விடுமுறைக் காலம் வேறு. எந்த விமானத்திலும் இடம் இல்லை. நான் விடாமல் திரையைக் குடைந்துகொண்டே இருந்தேன். ஐந்து நாளைக்கு முன்னால் மதியம் ஒரு மணிக்கு ஒரே ஒரு இருக்கை காலியாகித் திரையில் வந்தது. பாய்ந்து பிடித்தேன்.

தப்பு நடந்தது அங்கேதான். ஏஜென்சிக்கு வருகிற அத்தனை பேரிடமும் நான் சொல்வது ஒரே வேதம்: பாஸ்போர்ட் நகல் இல்லாமல் டிக்கெட் போட மாட்டேன். வாய்வழியாகப் பெயர் சொன்னால் என் கீபோர்டு வேலை செய்யாது என்று கிண்டலாகவும் சொல்வேன், கோபமாகவும் சொல்வேன். முதலாளியின் மச்சினனையே நகல் எடுத்து வரத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அலுவலகத்தில் எனக்குப் பெயரே பட்டாசு. ஆனால் அன்றைக்கு அந்த இருக்கையைப் பார்த்ததும் என் கை தானாக ஓடியது. அக்காவின் பெயர், அப்பாவின் பெயர். என் சொந்த அக்காவின் பெயருக்கு நகல் எதற்கு? பிறகு போன் போட்டுப் பாஸ்போர்ட் எண்ணையும் தேதிகளையும் மட்டும் கேட்டு வாங்கிப் பதிந்தேன். அவள் எண்ணைப் படித்தாள். நான் பெயரைக் கேட்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

"மேடம், இது யார் டிக்கெட் போட்டது?" என்று கவுன்டர் பெண் கேட்டாள். திரையில் இருந்த குறிப்பை வாசித்துக் காட்டினாள். "பேரில் ஓர் எழுத்துப் பிழை. பாஸ்போர்ட் பார்த்துச் சரிபார்த்தாச்சு. அப்படின்னு ஏஜென்ட் எழுதியிருக்காங்க. எந்தப் பாஸ்போர்ட்டைப் பார்த்தாங்க?"

எனக்கு முகம் எரிந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அந்த ஏஜென்ட் நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு நிமிடம் தள்ளி நிற்கிறோம் என்று சொல்லி அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தூண் ஓரமாக வந்தேன்.

"எப்ப மாத்தினே?"

"எட்டு மாசம் ஆச்சு."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியும். கல்யாணம் ஆன புதிதில், இனிமேல் காகிதங்களில் புருஷன் பெயரைப் போட்டுக்கொள்ளலாமே என்று அத்தானின் அம்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். நான் கூடத்தின் நடுவில் நின்று ஆடித் தீர்த்துவிட்டேன். அப்பா இரண்டு பெண்களை ஒற்றை ஆளாகச் சம்பாதித்துப் படிக்க வைத்தார், அவர் பெயரை அழித்துவிட்டு வருகிறவள் என் வாசலை மிதிக்க வேண்டாம் என்று கத்தினேன். அப்பாவே சும்மா இருடி என்றார். நான் இருக்கவில்லை. பிறகு அப்பா போய்ச்சேர்ந்தார். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கத்துவதற்கு நேரம் இல்லை. அதுவும் நல்லதுதான். மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், பெயர்ப் பிழையில் பல ஜாதி உண்டு. ஓர் எழுத்து கூடும், குறையும், இரண்டு எழுத்து இடம் மாறும். உச்சரித்தால் அதே பெயர்தான் வரும். இதைப் பெரும்பாலான விமானக் கம்பெனிகள் கண்டுகொள்வதில்லை. சில கம்பெனிகள் மூன்று எழுத்து வரை விடும், சில முன்கூட்டியே குறிப்பு எழுதச் சொல்லும், சில கறாரானவர்கள் ஓர் எழுத்துக்கும் திருத்தம் கேட்பார்கள். பெயரின் இரண்டு பகுதிகள் ஒட்டிக்கொண்டு வரும், பெயரோடு திருமதி என்பது சேர்ந்து வரும். அதெல்லாம் கம்ப்யூட்டரின் குணம், கவுன்டரில் இருப்பவர்களுக்கு அது பழக்கம். ஆனால் சர்நேம் முழுதாக வேறு என்றால் அது பிழை இல்லை, வேறு ஆள். ஒருவர் டிக்கெட்டை இன்னொருவருக்குக் கொடுக்க எந்தக் கம்பெனியும் பொதுவாக விடாது. கல்யாணத்தில் மாறிய பெயர் என்று காகிதம் காட்டினால் திருத்தித் தருவார்கள். அதையும் கவுன்டரில் செய்ய மாட்டார்கள். டிக்கெட் போட்ட ஏஜென்சி, கம்பெனியின் உதவி மேசையில் அனுமதி எண் வாங்கி, புதிய பெயரில் டிக்கெட்டை மாற்றி எழுத வேண்டும்.

கடுகு போன இடத்தை ஆராய்ந்தவள் பூசணிக்காய் போன இடத்தைப் பார்க்கவில்லை. அந்த ஓர் எழுத்துக்கு அவ்வளவு அழகாகக் குறிப்பு எழுதினேனே.

கவுன்டர் பெண்ணிடம் திரும்பப் போனேன். அந்த ஏஜென்ட் நான்தான், இவள் என் அக்கா என்று சொன்னேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அந்தப் பார்வை போதும் என்று இருந்தது. இவளை இன்னும் செக்-இன் செய்து வைக்கவில்லைதானே என்று கேட்டேன். செய்துவிட்டால் டிக்கெட் விமான நிலையத்தின் கைக்குப் போய்விடும், எங்கள் பக்கத்திலிருந்து தொட முடியாது. தொடவில்லை என்றாள். அவள் மட்டும் கொஞ்சம் அவசரக்காரியாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

"ஒண்ணு இருபதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது" என்று மட்டும் சொன்னாள்.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். என் பக்கத்து மேஜைக்காரரை நாங்கள் பொறுமை என்று கூப்பிடுவோம். அவருக்கு எதற்கும் பதற்றம் வராது. தீ பிடித்தாலும் எந்த அறையில் என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். நடந்ததைச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு, "நீயா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு சொல் எனக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது.

புக்கிங்கை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவருக்கே தெரிந்திருந்தது. விமானம் நிரம்பி வழிகிறது, இருக்கையை ஒரு நொடி விட்டாலும் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர் கொத்திக்கொண்டு போய்விடுவார். இருக்கிற புக்கிங்கிலேயே பெயர் மாற வேண்டும். வழியில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும், இரண்டு விமானமும் ஒரே கம்பெனி என்பது ஒன்றுதான் ஆறுதல். நடுவில் வேறு கம்பெனி இருந்திருந்தால் அவர்களிடமும் தனியாகக் கெஞ்ச வேண்டும்.

கல்யாணச் சான்றிதழும் பழைய பாஸ்போர்ட்டும் படம் எடுத்து அனுப்பு என்றார் பொறுமை. அக்காவைக் கேட்டேன். விசா காகிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன, கோப்பு பெரிய பெட்டிக்குள் அடியில் இருக்கிறது என்றாள். பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே வைத்தாளாம். காகிதத்தைக் கையில் வைத்துக்கொள், பெட்டியில் வைக்காதே என்று நான் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள். என் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் எடுக்கவில்லை.

பெட்டியைத் தரையில் கிடத்தித் திறந்தோம். வீட்டில் நான்தான் மேலே ஏறி உட்கார்ந்து அதை மூடினேன். திறந்ததும் எல்லாம் எழும்பி வெளியே வந்தது. மகளுக்கு வாங்கிய ஸ்வெட்டர்கள், மூன்று அளவில். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று திரையில் தெரியவில்லையாம், அதனால் மூன்று அளவிலும் வாங்கியிருக்கிறாள். போகிற வருகிற ஆட்கள் எங்கள் துணிகளைச் சுற்றி நடந்தார்கள். அக்கா மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மடியில் அடுக்கினாள். இந்தக் குழப்பத்திலும் மடிப்புக் கலையாமல் அடுக்கினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிடக் கோபம் முட்டியது, யார் மேல் என்று தெரியவில்லை.

கோப்பு கிடைத்தது. சான்றிதழைப் படம் எடுத்தேன். மூலையில் கத்தரித்து ரத்து செய்யப்பட்ட பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்தேன். அதில் அப்பாவின் பெயர் இருந்தது. அனுப்பிவிட்டுப் பார்த்தால் மணி பன்னிரண்டு இருபது.

அதற்குப் பிறகு காத்திருப்பு. உதவி மேசையில் போனைக் காத்திருப்பில் வைத்துப் பாட்டுப் போடுகிறார்கள் என்று பொறுமை செய்தி அனுப்பினார். பன்னிரண்டு நாற்பது. இன்னும் பாட்டுத்தான். பெட்டியை மூடி அதன்மேல் இருவரும் உட்கார்ந்தோம். அக்காவின் போன் அடித்தது. மகள். எடுக்காதே என்றேன். எடுக்காவிட்டால் பயந்துவிடுவாள் என்று எடுத்தாள். உள்ளே போயாச்சா அம்மா என்று பிள்ளை கேட்பது எனக்கே கேட்டது. இதோ போய்க்கிட்டே இருக்கேன் கண்ணு என்று அக்கா சொன்னாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் பொறுமை கூப்பிட்டார். அவர் குரலில் முதல் முறையாக அவசரம் கேட்டது.

"அனுமதி தர யோசிக்கிறாங்க. நீ எழுதின குறிப்புதான் இடிக்குது. மூணு நாள் முன்னாடி பாஸ்போர்ட் பார்த்துச் சரின்னு எழுதியிருக்கே. இன்னிக்கு வேற பேர்ல பாஸ்போர்ட் காட்டறே. அப்ப பார்த்தது யாரோடது, இப்ப பறக்கப்போறது யாருன்னு கேக்கறாங்க. டிக்கெட்டை வேற ஆளுக்கு மாத்தறோம்னு சந்தேகப்படறாங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். பாஸ்போர்ட் பார்த்துச் சரிபார்த்தாச்சு என்பதை நான் தட்டச்சு செய்யவே இல்லை என்பதுதான் உண்மை. அது என் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானில் சேமித்து வைத்திருக்கிற வரி. தினமும் நாற்பது தடவை அழுத்துவேன். பார்த்திருந்தாலும் அழுத்துவேன், பார்க்கப்போகிறேன் என்றாலும் அழுத்துவேன். மூன்று நாள் முன்னால் அக்கா, டிக்கெட்டில் ஓர் எழுத்து குறைகிறது என்று போன் செய்தபோது, இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அதையும் அழுத்தினேன். ஒரு நல்ல குறிப்பு இருந்தால் கவுன்டரில் கேள்வி வராது என்பது என் அனுபவம். அந்த வரிதான் இப்போது என் அக்காவை வேறு யாரோ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதினேன் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டேன். பொறுமை உடனே சொன்னார், பழையதைப் பார்த்திருந்தால் புக்கிங்கில் புதிய பாஸ்போர்ட்டின் எண் எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும். பொய் சொன்னால் அனுமதி மொத்தமாகப் போகும்.

"பார்க்கலைன்னு நீ எழுத்துல குடுக்கணும். வேற வழி இல்ல. முதலாளிக்கும் ஒரு நகல் போகும்."

பன்னிரண்டு வருடம். இத்தனை நாளில் என் பெயரில் ஒரு புகார் கிடையாது. தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். பயணியின் பாஸ்போர்ட்டை நான் பார்க்கவில்லை. என் சொந்த அக்கா என்பதால் நினைவிலிருந்து பெயரை எழுதினேன். பார்த்ததாகக் குறிப்பு எழுதியது தவறு. பயணி அதே ஆள்தான், கல்யாணத்தால் சர்நேம் மாறியிருக்கிறது. இவ்வளவுதான். அனுப்பிவிட்டேன். அக்கா தோள் வழியாக எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

மணி ஒன்று ஐந்து. கவுன்டர் வரிசை முடிந்துவிட்டது. அந்தப் பெண் காகிதங்களை அடுக்கிக்கொண்டே எங்கள் பக்கம் பார்த்தாள். பக்கத்துக் கவுன்டரில் பெல்ட்டை நிறுத்தினார்கள்.

ஒன்று எட்டுக்கு அனுமதி எண் வந்துவிட்டது என்றார் பொறுமை. புதிய சர்நேமை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். படத்தில் தெரிகிறதே என்றேன்.

"படத்தை நம்பி நான் அடிக்க மாட்டேன். பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டுப் பார்த்துச் சொல்லு. கடைசியில ரெண்டு வரி குறியீடு இருக்குல்ல, அதையும் ஒத்துப் பாரு."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. முறையாக வேலை செய்தார். நான் பாஸ்போர்ட்டை வாங்கித் திறந்து, அத்தானின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஏழு எழுத்து. எந்தப் பெயரை என் அக்கா பெயருக்குப் பக்கத்தில் பார்க்கவே மாட்டேன் என்று கூடத்தில் நின்று கத்தினேனோ, அதை விமான நிலையத்தின் நடுவில் நின்று, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை, உரக்கச் சொன்னேன். விட்டுப்போன அந்த ஓர் எழுத்தையும் கூடவே சேர்க்கச் சொன்னேன். கையோடு கையாக அதுவும் முடியட்டும். பிறகு பாஸ்போர்ட் விவரங்களைப் புதிய பெயரில் மறுபடி பதியச் சொன்னேன். அதை மறந்தால் அந்த நாட்டுக்குப் பழைய பெயர்தான் போய்ச் சேரும்.

ஒன்று பதின்மூன்றுக்குப் புதிய டிக்கெட் எண் வந்தது. ஓடினேன். கவுன்டர் பெண் எண்ணை அடித்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், விசாவைப் பார்த்தாள், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். இந்த முறை அவள் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று இருந்தது. அச்சுப்பொறி போர்டிங் பாஸைத் துப்பியது. இரண்டு விமானத்துக்கும் இரண்டு. பெட்டி பெல்ட்டில் ஏறிப் போனது.

உள்ளே போகும் வாசல் வரை நடந்தோம். நேரம் இல்லை, ஆனாலும் அவள் நின்றாள்.

"அன்னிக்கு எழுத்துக்காக மட்டும் நான் போன் பண்ணலடி. அதை வெச்சு ஆரம்பிக்கலாம்னு பார்த்தேன். பின்னாடி பேரும் மாறியிருக்குன்னு சொல்ல வந்தேன்."

எனக்கு நினைவு வந்தது. ஓர் எழுத்து குறைகிறது என்றாள், அப்புறம் பின்னாடி என்று ஏதோ இழுத்தாள். நான் சிரித்தேன். பின்னாடியும் இல்ல முன்னாடியும் இல்ல, இதையெல்லாம் கம்பெனிக்காரங்க பார்க்கவே மாட்டாங்க, உன் பேரு எனக்குத் தெரியாதா, போனை வை என்றேன். வேலை இருக்கிறது என்று நானே வைத்தும்விட்டேன்.

"ஏன் மாத்தினே? அத்தானோட அம்மா சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. பிள்ளையைக் கூட்டிட்டுப் போனப்ப அங்க எல்லையில அவர்கிட்ட கேட்டாங்களாம், அம்மாவோட சம்மதக் கடிதத்துல இருக்கற பேரும் பிள்ளை பேரும் வேற வேறயா இருக்கே, இவங்கதான் அம்மாவான்னு. ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சிருக்காங்க. அவ பயந்து போய் எங்கிட்ட கேட்டா, நீ எனக்கு அம்மாதானேன்னு. அப்பா பேரை நான் வேண்டாம்னு சொல்லல. இனிமே ஒருத்தனும் அவகிட்ட அந்தக் கேள்வியைக் கேக்கக் கூடாதுன்னு நினைச்சேன்."

அவள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். பெட்டி இல்லாமல் நடப்பது அவளுக்குப் பழக்கம் இல்லாததுபோல் கை இரண்டும் வெறுமையாக ஆடின.

மறுநாள் காலை செய்தி வந்திருந்தது. அங்கே எல்லையில், யாரைப் பார்க்க வந்திருக்கே என்று கேட்டார்களாம். மகளை என்றாளாம். அவள் காகிதத்தையும் மகள் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்களாம். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் உள்ள அளவு ஸ்வெட்டர்தான் சரியாக இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள். அலுவலக நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். பொறுமை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் திரையைப் பார்க்கப் போய்விட்டார்.

முதலாளி கூப்பிட்டுப் பேசினார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை, பேசியதெல்லாம் நியாயம்தான். என் மேஜைக்குத் திரும்பி வந்து அந்தச் சேமித்த வரியை அழித்தேன். பிறகு அந்த வாரம் பறக்க இருந்த புக்கிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் பார்த்தாச்சு என்று இருந்தது. நகல் இருந்தது பாதிக்கும் சற்று மேல்தான். மீதிப் பேர் நகலைப் பிறகு அனுப்புவதாகச் சொன்னவர்கள். ஒவ்வொருவருக்காகப் போன் போட ஆரம்பித்தேன்.

பதினோரு மணிக்கு ஒருவர் வந்தார். அம்மாவுக்கு டிக்கெட் வேண்டும், இன்றைக்கே வேண்டும், விலை ஏறுகிறது என்றார். அம்மாவின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். நான் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எங்கம்மா பேரு எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் எங்கக்கா பேரு தெரியும்னுதான் இருந்தேன்" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.